ஆஸ் சோடி தோற்ற பிறகு: போக்கர் மேசையில் டில்ட், சில கேள்விகளும் பதில்களும்

கல்லடியிலிருந்து: அண்ணா, சனி இரவு என்னிடம் ஆஸ் சோடி, எதிரே ராசாச் சோடி. எல்லாச் சில்லும் உள்ளே போன பிறகு கடைசிச் சீட்டாக ராசா விழுந்தது. என்னிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதுவும் அரை மணி நேரத்தில் போய்விட்டது. அதில் ஒரு கை: என்னிடம் இருந்த இரண்டு சீட்டும் ஆட்டின், மேசையில் விரித்த நான்கு சீட்டிலும் இரண்டு ஆட்டின். நடுவில் 600 இருக்க அதே ஆள் 600 போட்டான், நானும் 600 போட்டுக் கோல் செய்தேன். எங்கே பிழை?

முதல் கையில் பிழையே இல்லை, தம்பி. ஆஸ் சோடி ராசாச் சோடியை நூற்றில் 82 தடவை அளவில் வெல்லும். உங்களுக்கு வந்தது மற்றப் பதினெட்டில் ஒன்று.

பார்க்க வேண்டியது இரண்டாவது கை. 1200ஐ வெல்ல 600 கொடுக்கிறீர்கள், அதாவது மூன்றில் ஒரு தடவையாவது வென்றால்தான் நட்டமில்லை. கடைசிச் சீட்டாக ஐந்தாவது ஆட்டின் விழுந்தால்தான் உங்களுக்கு வெற்றி. நீங்கள் காணாத சீட்டுகள் 46, அவற்றில் ஆட்டின் 9. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இதே கையை 46 தடவை ஆடினால் ஒன்பதில் 10,800 வரும், மீதி முப்பத்தேழில் 22,200 போகும்.

ஆனாலும் இந்தக் கோல் எப்போதும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆட்டின் விழுந்த பிறகு அவனிடமிருந்து இன்னும் 1270 அளவில் வாங்க முடியுமென்றால் கணக்கு நேராகும். அவனிடம் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த நேரத்தில் பார்த்தீர்களா?

அதே தம்பி: பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் 700 தான் இருந்திருக்கும். அவன்தான் என் ஆஸை உடைத்தவன், விடக்கூடாது என்றுதான் இருந்தது.

அதுதான் டில்ட், உணர்ச்சி தலைக்கேறி ஆடுவது. 700 வைத்திருப்பவனிடம் 1270 வாங்க வழியில்லை, சீட்டை மடித்திருக்க வேண்டும். கோபத்தில் கணக்கு மறந்துபோவதில்லை, கேட்கப்படுவதே இல்லை. ‘இந்த விலைக்கு இது தகுமா’ என்ற கேள்வி இருந்த இடத்தில் ‘இழந்ததை யாரிடமிருந்து எடுப்பது’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கல்முனையிலிருந்து: மூன்று மணி நேரமாக நல்ல சீட்டே இல்லை. இனி வரத்தானே வேண்டும்?

வராது என்றில்லை, வர வேண்டும் என்றும் இல்லை. ஆஸ் சோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறை வரும். வீட்டு மேசையில் மணிக்கு இருபத்தைந்து கை போட்டாலே அதிகம். கலைத்த கட்டுக்குப் பழைய கணக்குத் தெரியாது.

அக்கரைப்பற்றிலிருந்து: எழுந்து வெளியே போய் மூச்சை இழுத்து விட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. வெளிவிடும் மூச்சை நீட்டி நாலைந்து தடவை விட்டால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். ஆனால் வெளியே நின்று அந்தக் கையையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் கோபத்தோடுதான் திரும்பி வருவீர்கள். அதனால் ஒரு துண்டுத் தாளில் அந்தக் கையை எழுதிவிடுங்கள்: எங்கே உட்கார்ந்திருந்தேன், என்ன சீட்டு, யார் எவ்வளவு போட்டார்கள். யார் வென்றார் என்பது வேண்டாம். நாளை பார்க்கத் தாளில் இருக்கிறது என்றால் தலை அதை விட்டுவிடுகிறது.

பிறகு மேசை ஒரு சுற்று வரும்வரை ஆட்டத்தைச் சுருக்குங்கள். எட்டுச் சோடிக்கு மேல், ஆஸ் ராசா, ஆஸ் ராணி, இவ்வளவுதான். இவை வந்தால் தொகையைக் கூட்டி ரெய்ஸ், இல்லையென்றால் மடிப்பு, வெறும் கோல் கிடையாது. டில்டில் சில்லு கசிவது பெரும்பாலும் கோலில்தான். நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்ல முடிகிறதா என்று உங்களையே சோதியுங்கள். முறை வருமுன்பே கை சில்லில் இருந்தால் இன்னும் தணியவில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: முந்நூற்றி நான்கில் என் சோடிக்காரர் பிழையாக இறங்கினால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. இதற்கும் இதே மருந்தா?

ஐயா, போக்கரில் கை பிடிக்காவிட்டால் மடித்துவிட்டு ஒதுங்கலாம். உங்கள் ஆட்டத்தில் எட்டுச் சீட்டையும் ஆடித்தான் ஆக வேண்டும், அதனால் சுருக்கும் வழி பொருந்தாது. தாளில் எழுதுவது உதவலாம், அதை அவரிடம் காட்டாதவரை.

அம்பாறையிலிருந்து, ஒரு சகோதரி: எனக்குத் தோற்றால் ஒன்றுமில்லை, வென்றால்தான் எல்லாக் கையும் ஆடத் தோன்றுகிறது. இரண்டு முறை சில்லு தீர்ந்தால் எழுந்துவிடுவது என்று எங்கள் மேசையில் ஒரு சட்டம் இருக்கிறது. அது எனக்கு எப்படி உதவும்?

உதவாது, தங்கச்சி. அது தோல்வியில் உடைபவர்களுக்கான சட்டம். பெரிய கை ஒன்றை வென்ற அடுத்த சுற்றுக்கு மேலே சொன்ன அதே சுருக்கத்தை நீங்கள் பயன்படுத்திப் பாருங்கள். அந்தச் சட்டத்தைப் பற்றியே எனக்கு இரண்டு மனம். மேசையில் உங்களைவிடப் பலவீனமானவர்கள் இருக்கும்போது தோற்றாலும் எழுவது நட்டம் என்று நல்ல ஆட்டக்காரர்கள் வாதிடுவார்கள். சரிதான், ஆனால் இரண்டாவது தடவை தீர்ந்த பிறகும் அதே தெளிவோடு ஆடுபவர்களை எங்கள் பக்கத்து மேசைகளில் நான் அதிகம் கண்டதில்லை.