பானைத் தண்ணீர்: இந்த வாரக் கடிதங்கள்

மதுரையில் அம்மா வீட்டுப் பானையில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. ராயபுரத்தில் என் பானையில் இல்லை. பானையில் குறையா?

குறை காற்றில். மே மாத மதியம் மதுரையில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் 24 காட்டும். கடலோரத்தில் 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் 30-இலேயே நின்றுவிடும். ஈரத்துணி காட்டும் அந்த எண்ணுக்குக் கீழே எந்தப் பானையும் போகாது. நல்ல பானைகூட இரண்டு மூன்று டிகிரி மேலேதான் நிற்கும். ஆக அம்மாவுக்கு 27, உங்களுக்கு 32, 33. காற்று படும் நிழலில் வையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

பானை ஆறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எந்த ஊர், எங்கே வைத்திருக்கிறீர்கள், பானை வெளியே ஈரமாக இருக்கிறதா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? அடுப்புப் பக்கத்து மூலையில் இருந்தால், முதலில் காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

பூ வேலைப்பாடு செய்த, பளபளப்பான பானை வாங்கினேன். கசியவே இல்லை, நல்ல பானைதானே?

இல்லை. இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் கடைகளில் இதைத்தான் முன்வரிசையில் அடுக்குகிறார்கள். பானை வியர்த்தால்தான் தண்ணீர் ஆறும். பத்து லிட்டர் பானையின் வெளிப்புறத்தில் 100 மில்லி ஆவியானால், உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்து ஐந்தாறு டிகிரி அளவுக்குச் சூட்டை எடுத்துப்போகும். வெளிச்சூடும் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், குளிர்ச்சி நிலைக்க இன்னும் அதிகம் ஆவியாக வேண்டும். பெயின்டும் வார்னிஷும் நுண்துளைகளை அடைத்துவிட்டால் அது வெறும் கனமான குடம். வாங்கும்போது வெளிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் வாங்குங்கள், முத்தாக உருண்டு ஓடினால் வைத்துவிடுங்கள். நல்ல பானையும் போர் தண்ணீரில் மெல்ல அடைபடும். வெளியே வெள்ளையாக உப்புப் பூப்பதுதான் அடையாளம். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துக்கொள்ளும்.

பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டலாமா?

பருத்தித் துணி என்றால் கட்டலாம், காயவிடாதீர்கள். காய்ந்த துணி காற்றை மறைக்கும்.

ஜன்னல், கதவெல்லாம் சாத்தி, ஈரத்துணி தொங்கவிட்டு ஃபேன் போட்டேன். முதலில் சுகமாக இருந்தது, அப்புறம் புழுங்கியது. ஏன்?

துணி விட்ட ஈரம் வெளியே போக வழியில்லை. அறையின் ஈரப்பதம் ஏற ஏறத் துணியும் ஆறாது, உங்கள் வியர்வையும் உலராது. காற்று வரும் ஜன்னலில் துணியைக் கட்டி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். புழுக்கமான நாளில் துணியே வேண்டாம், ஃபேன் போதும்.

ஈரத்துணிச் சோதனைக்குக் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதுமா?

போதாது. அது 35-க்குக் கீழே காட்டாது.