இணைப்பு 49 சதமா, 10 சதமா: ஊருக்கு எடுக்க எந்தத் திட்டம் மலிவு?

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவோடு பேச இரண்டு திட்டங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இணைப்புக் கட்டணம் 49 சதம், நிமிடத்துக்கு 12 சதம். மற்றதில் இணைப்பு 10 சதம், நிமிடத்துக்கு 18 சதம். இரண்டிலும் தொடங்கின நிமிடம் முழு நிமிடமாகக் கணக்காம். எது மலிவு?

பதில்:

ஒரே ஒரு அழைப்பு என்றால் விடை சுலபம். முதல் திட்டத்தில் இணைப்புக்கு 39 சதம் கூட, நிமிடத்துக்கு 6 சதம் குறைவு. 39ஐ 6ஆல் வகுத்தால் 6.5. அரை நிமிடம் என்று தனியாகக் கட்டணம் போடுவதில்லை என்பதால் எல்லை 6க்கும் 7க்கும் நடுவில் விழும். சரியாக 6 நிமிடம் பேசினால் முதலாவதில் 121 சதம், இரண்டாவதில் 118. ஒரு செக்கன் கூடினாலும் ஏழாவது நிமிடம் தொடங்கிவிடும்: 133க்கு 136. அதற்கு மேல் பேசப் பேச முதலாவதுதான் மலிவு.

ஆனால் யாரும் மாதத்துக்கு ஒரு அழைப்போடு நிறுத்துவதில்லை. நானும் இதே மாதிரி இரண்டு திட்டங்களை வைத்துக் குழம்பியவன்தான். அப்போது என் ஒரு மாதப் பழக்கத்தை எழுதிப் பார்த்தேன். ஞாயிறு தோறும் ஒரு நீண்ட பேச்சு, கிட்டத்தட்ட 22 நிமிடம் 10 செக்கன், அதாவது கணக்கில் 23 நிமிடம். இடையில் “மருந்து எடுத்தாச்சா, காசு வந்ததா” என்று பன்னிரண்டு குட்டி அழைப்புகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் சொச்சம், ஆகவே 2 நிமிடக் கட்டணம்.

உங்கள் விலைகளை இதில் போட்டால், முதல் திட்டத்தில் ஒரு நீண்ட அழைப்பு 325 சதம், குட்டி அழைப்பு 73 சதம். மாதத்துக்கு 21 டொலர் 76 சதம். இரண்டாவதில் 424, 46. மாதத்துக்கு 22 டொலர் 48 சதம். முதலாவது 72 சதம் மலிவு. நானும் இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் இணைப்புக் கட்டணம் கூடின திட்டத்தை வாங்கினேன்.

கணக்கில் நான் விட்டது, லைன் அறுந்து போவது. ஞாயிறுப் பேச்சு ஒன்பதாம், பத்தாம் நிமிடத்தில் ஒரு தடவையாவது துண்டிக்கப்படும். திரும்ப எடுத்தால் அது புது அழைப்பு, புது இணைப்புக் கட்டணம். 22 நிமிடம் 10 செக்கன், 9:20 என்றும் 12:50 என்றும் உடைந்தால் நிமிடங்கள் 10ம் 13ம், மொத்தம் அதே 23தான். (உடையும் இடம் பிசகினால் இன்னொரு நிமிடமும் கூடும்.) ஆனால் இணைப்புக் கட்டணம் இரண்டு தடவை. நாலு ஞாயிறும் இப்படி ஆனால் முதல் திட்டம் 23 டொலர் 72 சதம், இரண்டாவது 22 டொலர் 88 சதம். வெற்றி மற்றப் பக்கம் போய்விட்டது. பேசின நேரம் ஒரு செக்கன்கூட மாறவில்லை.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்குவழி பிடிபட்டது. ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியே ஒப்பிடத் தேவையில்லை. மாதத்தின் கட்டண நிமிடங்களைக் கூட்டி அழைப்புகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அந்தச் சராசரி 6.5க்கு மேல் என்றால் முதலாவது, கீழே என்றால் இரண்டாவது. என் மாதத்தில் 116 நிமிடம், 16 அழைப்பு: 7.25. லைன் நாலு தடவை அறுந்தால் 20 அழைப்பு: 5.8.

கூட்டும்போது பலர் விடுகிற பிழை ஒன்று. பேசின நேரம் முழுவதையும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரு தடவை மேல்நோக்கி முழுமையாக்கக் கூடாது. ஒவ்வொரு அழைப்பையும் முதலில் முழு நிமிடமாக்கி, அப்புறம்தான் கூட்ட வேண்டும். விரிதாளில் A2 கட்டத்தில் செக்கன்களைப் போட்டால் முதல் திட்டத்தின் செலவு சதத்தில் இப்படி வரும்:

```
=ROUNDUP(A2/60,0)*12+49
```

உள்ளூர் இலக்கம் ஒன்றுக்கு எடுத்து, PIN இலக்கம் அடித்து, அதன் பிறகு ஊர் இலக்கம் அடிக்கிற வகைத் திட்டம் என்றால் கைத்தொலைபேசி காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். அது உள்ளூர் இலக்கம் எடுபட்ட நொடியிலிருந்தே எண்ணும். கட்டணம் வழக்கமாக அம்மா போனைத் தூக்கின பிறகுதான் ஓடும். திட்டத்தின் கணக்குப் பக்கத்தில் உள்ள அழைப்புப் பட்டியலையே எடுங்கள். குரல் அஞ்சல் எடுத்துக்கொண்டாலும் அது பதிலளித்த அழைப்புதான், 49 சதம் போகும்.

இன்னொன்று, நீங்கள் சொன்ன 12ம் 18ம் வீட்டு போனுக்கா, கைத்தொலைபேசிக்கா? 94 21 என்று தொடங்கும் யாழ்ப்பாண வீட்டு இலக்கத்துக்கு ஒரு விலையும், 94 7 என்று தொடங்கும் கைத்தொலைபேசிக்கு வேறு விலையும் போடுவது உண்டு. விலை மாறினால் 6.5ம் மாறும்.

நான் கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டேன். உங்கள் விலைகளில் ஞாயிறுக்கு முதலாவது, குட்டி அழைப்புக்கு இரண்டாவது என்று பிரித்தால், லைன் அறுந்தாலும் 20 டொலர் 48 சதம்தான். இரண்டில் ஒன்றுக்கு மாதாந்தப் பராமரிப்புக் கட்டணமோ, மீதிக் காசு காலாவதியாகும் திகதியோ இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இரண்டாவதை மட்டும் வைத்திருப்பதைவிட இதில் மிச்சமாகும் 2 டொலர் 40 சதத்தை அது அப்படியே விழுங்கிவிடும்.