நோட்டீஸ் வராத வரிக்கடன்

கேள்வி: நண்பர்கள் நடத்தும் சிறிய கம்பெனியில் எனக்குப் பங்கு உண்டு. இந்த ஆண்டு தொடக்கத்தில் 12 லட்சத்துக்கு ஒரு இயந்திரம் வாங்கினார்கள். இப்போது வந்த கணக்கில் வரிச் செலவு 1.75 லட்சம் என்று இருக்கிறது. கட்டியதோ 1 லட்சம்தான். மீதி 75 ஆயிரம், ‘ஒத்திவைக்கப்பட்ட வரி’ என்று பேலன்ஸ் ஷீட்டில் கடனாக நிற்கிறது. வரித்துறை எதுவும் கேட்கவில்லை. பிறகு இது யாருக்குக் கொடுக்க வேண்டிய கடன்?

பதில்: வரித்துறைக்குத்தான். ஆனால் இன்றைய தேதியில் அவர்களே கேட்க முடியாத கடன். அதனால்தான் நோட்டீஸ் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். தேய்மானம் கழிப்பதற்கு முன் லாபம் 10 லட்சம், வரி விகிதம் 25 சதவீதம். இயந்திரம் நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்து, கம்பெனி தன் புத்தகத்தில் ஆண்டுக்கு 3 லட்சம் தேய்மானம் எழுதுகிறது. ஆகவே புத்தக லாபம் 7 லட்சம். வரிச் சட்டமோ முதலீட்டை ஊக்குவிக்க, அதே 12 லட்சத்தை இரண்டே ஆண்டில் ஆறு ஆறாகக் கழித்துக்கொள்ள விட்டிருக்கிறது. அதன்படி வரிக்குரிய லாபம் 4 லட்சம். வரி 1 லட்சம். இரண்டு பேரும் கழிக்கப்போவது அதே 12 லட்சத்தைத்தான். யார் எப்போது கழிக்கிறார்கள் என்பதில் மட்டுமே வித்தியாசம்.

அடுத்த ஆண்டும் இதே கதை. மூன்றாம் ஆண்டில்தான் திருப்பம். புத்தகத்தில் இன்னும் 3 லட்சம் தேய்மானம் உண்டு. வரிக் கணக்கில் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை. லாபம் மாறாவிட்டால், முழு 10 லட்சத்துக்கும் 2.5 லட்சம் கட்ட வேண்டும். நான்காம் ஆண்டும் அப்படியே. நான்கு ஆண்டில் கட்டியதைக் கூட்டினால் 1, 1, 2.5, 2.5 என 7 லட்சம். புத்தக லாபத்துக்கு ஆண்டுதோறும் 25 சதவீதம் போட்டாலும் நான்கு தடவை 1.75, அதே 7 லட்சம். ஒரு பைசா கூட மிச்சமாகவில்லை, தள்ளிப்போனது அவ்வளவுதான்.

கட்டியதை மட்டுமே செலவாக எழுதியிருந்தால் நிகர லாபம் முதல் இரண்டு ஆண்டு 6 லட்சமாகவும், பிறகு திடீரென 4.5 லட்சமாகவும் தெரியும். தொழிலில் எதுவுமே மாறியிருக்காது. அந்த 6 லட்சத்தை நம்பி டிவிடெண்ட் கேட்பவர்கள், நாளைக்குக் கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒத்திவைத்த வரியை எழுதினால் எல்லா ஆண்டும் 5.25 லட்சம்.

அந்த 75 ஆயிரத்தை நீங்களே சரிபார்க்கலாம். ஆண்டு முடிவில் இயந்திரத்தின் மதிப்பு புத்தகத்தில் 9 லட்சம், வரிக் கணக்கில் 6 லட்சம். வித்தியாசம் 3 லட்சத்தில் 25 சதவீதம் 75 ஆயிரம். அடுத்த ஆண்டு முடிவில் 6 லட்சமும் பூஜ்யமும், கடன் 1.5 லட்சமாகும். பிறகு 75 ஆயிரமாகக் குறைந்து, நான்காம் ஆண்டோடு தீர்ந்துவிடும். கணக்கு எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்குவது இந்த இறக்கத்தில்தான். இயந்திரம் முழுக்கத் தேய்ந்த பிறகும் பழைய கடன் அப்படியே நின்றால், திருப்பி எழுத மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வரி விகிதம் மாறினால் இந்தக் கடனும் மாறும். இரண்டாம் ஆண்டு முடிவில் விகிதம் 20 ஆகக் குறைகிறது என்றால், 1.5 லட்சம் 1.2 லட்சமாகி, 30 ஆயிரம் லாபமாக ஏறும். கையில் காசு எதுவும் வந்திருக்காது. அப்படி வீங்கிய லாபத்தைக் கண்டு நான் அசரமாட்டேன்.

எல்லா வித்தியாசமும் இந்தக் கணக்கில் சேராது. கம்பெனி கட்டிய அபராதத்தைச் செலவாகக் கழிக்கச் சட்டம் விடவில்லை என்றால், அது எந்த ஆண்டிலும் விடாது. தள்ளிப்போட அங்கே ஒன்றுமில்லை. வரி கூடுதலாகப் போனது போனதுதான்.

இதை வங்கிக் கடனோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை. வட்டி கிடையாது, ஆண்டுக்கொரு புது இயந்திரம் வாங்கிக்கொண்டே இருக்கும் கம்பெனியில், பழையது தீரத் தீரப் புதியது சேர்ந்து, மொத்தத் தொகை குறையாமலே கூட இருக்கலாம். உங்கள் நண்பர்கள் இந்த ஒன்றோடு நிறுத்தினால் கதை வேறு. மூன்றாம் ஆண்டில் வரிக்காகக் கையிலிருந்து போகும் பணம் 1 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாகத் தாவும். அடுத்த டிவிடெண்டை முடிவு செய்யும் முன், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.