ஈரக் கல்லும் நெருடும் சுண்ணாம்பும்: மேஸ்திரியிடம் பழகியவரின் பதில்கள்

கேள்வி: இரண்டு செங்கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது.

பதில்: கல்லை இறுகப் பிடித்திருப்பீர்கள். எனக்குத் தொழில் பழக்கிய மேஸ்திரி முதலில் என் பிடியைத்தான் திருத்தினார். உள்ளங்கை படாமல், விரல்களில் தளர்வாக ஏந்தித் தட்டினால், நன்றாக வெந்த கல்லின் ஒலி சற்று நீண்டு அடங்கும். வேகாத கல் 'தொப்' என்று உடனே ஓய்ந்துவிடும். உள்ளே கீறல் இருந்தால் விரிசல் விட்ட பானையைப் போலக் கரகரக்கும்.

ஒரு முறை, மழை பெய்த மறுநாள், அடுக்கின் மேல் வரிசையிலிருந்த 40 கற்களை ஒலி இல்லையென்று ஒதுக்கிவிட்டேன். மேஸ்திரி கோபிக்கவில்லை, அவற்றை வெயிலில் பரப்பி வைக்கச் சொல்லி, மூன்றாம் நாள் மாலை மறுபடி தட்டச் சொன்னார். 36 கற்கள் கணீரென்றன. மீதி நான்கை நகத்தால் கீறியபோது தடம் விழுந்தது. "ஈரக் கல்லிடம் பேச்சுக் கொடுக்காதே, தம்பி" என்றார்.

கேள்வி: காய்ந்த கல் கணீரென்றால் நல்ல கல்தானே? என் அனுபவத்தில் அதுவே போதும்.

பதில்: பாதி சரி. அளவுக்கு மீறி வெந்த கல்லும் கணீரென்றுதான் ஒலிக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் உருகி, விளிம்பு வளைந்திருக்கும். நீரை உறிஞ்சாததால் சாந்தும் சரியாகப் பிடிக்காது. நேர்மாறாக, கல் அதிகமாக நீர் உறிஞ்சுமோ என்ற ஐயம் எழுந்தால் எடை போடுங்கள்: காய்ந்த நிலையில் 3 கிலோ உள்ள கல், 24 மணி நேரம் நீரில் ஊறிய பின் 3.6 கிலோவைத் தாண்டினால் அதைச் சுவருக்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் ஆறு மாதம் கழித்துச் சிறு குழிகள் தெறித்தன. கல் மோசமா?

பதில்: பார்க்காமல் உறுதி சொல்ல இயலாது. குழியின் நடுவில் வெள்ளைப் பொடி இருந்தால், நீறாமல் தங்கிய சுண்ணாம்புத் துணுக்கு பின்னர் ஈரம் குடித்து உப்பியிருக்கும். குழி கல்வரை இறங்கியிருந்தால், அத்தகைய துணுக்கு கல்லுக்குள்ளேயே இருந்திருக்கலாம். இதற்காகவே மேஸ்திரி, நீற்றிய விழுதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்ப்பார். வெண்ணெய் போல் வழுக்க வேண்டும். ஒரே ஒரு துணுக்கு நெருடினாலும் மீண்டும் சலித்து, நீர் மூடியிருக்கும்படி இன்னும் சில வாரம் ஊறவிடுவார். அவர் விரல்கள் வெடித்துக் கிடந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம். நீங்கள் தேய்த்துப் பார்த்தவுடன் கையைக் கழுவுங்கள், கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: சாந்துக்குத் தண்ணீர் எத்தனை குடம்?

பதில்: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று சொல்லலாம், ஆனால் மணலின் ஈரம் நாளுக்கு நாள் மாறுவதால் தண்ணீருக்குக் குடக்கணக்கு உதவாது. கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் சாந்து ஒட்டி நிற்க வேண்டும், ஒரு குலுக்கலில் முழுதாகக் கழன்று விழ வேண்டும். உருண்டை பிடித்துப் பார்ப்போரும் உண்டு. எங்கள் மேஸ்திரி அதை ஒப்பவில்லை, அவருடைய தம்பியோ இன்றும் உருண்டைதான் பிடிக்கிறார்.