மிச்சமாகும் தூளை வைத்து மெஷினுக்கு விலை சொல்வது

கேள்வி: மசாலா கம்பெனிகளுக்கு பவுச் பேக்கிங் மெஷின் செய்கிறோம். அடக்கம் 9 லட்சம், 20% சேர்த்து 10.80 லட்சம் கோட் பண்ணுகிறோம். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பலனை வைத்து விலை சொல்வது எப்படி?

முதலில் அவர்களுடைய பழைய மெஷினிலிருந்து, ஓடும்போதே, தொடர்ந்து 50 பவுச் எடுத்து எடை போடுங்கள். காலி பவுச்சின் எடையைக் கழித்துவிடுங்கள். 100 கிராம் மிளகாய்த்தூள் பவுச்சில் சராசரி 103 கிராம் வருகிறது, உங்கள் மெஷினில் 101 என்றால், மிச்சம் பவுச்சுக்கு 2 கிராம். நிமிடத்துக்கு 30 பவுச், 8 மணி நேரம் என்றால் நாளுக்கு 28.8 கிலோ. கிலோ 250 ரூபாய், 300 நாள் என்றால் வருடம் 21.60 லட்சம். மெஷின் நிற்கும் நேரத்தைக் கழித்து 70% மட்டும் எடுங்கள்: சுமார் 15 லட்சம்.

இதை அப்படியே விலையாக்க முடியாது. போட்டியாளர் 11 லட்சத்துக்கு 102 கிராமில் நிற்கும் மெஷின் தருகிறார் என்றால், உங்களுடைய தனிப் பலன் மீதி 1 கிராம்தான். வருடம் சுமார் 7.50 லட்சம். அதில் பாதிக்கு மேல் வாடிக்கையாளருக்கு விட்டு, மீதியைப் போட்டியாளரின் 11 லட்சத்தோடு சேர்த்து 14 லட்சம் சொல்லலாம். அவருக்குப் போட்ட பணம் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

பர்ச்சேஸ் ஆள் பாகவாரியாக விலை கேட்பார். கொடுத்தால் பேச்சு மறுபடி மோட்டார் விலைக்குப் போய்விடும். அதற்குப் பதில் எடைப் பட்டியலை, உற்பத்தி மேலாளரின் கையெழுத்தோடு, கோட்டேஷனில் இணையுங்கள். 101 கிராம் சராசரியை எந்தத் தூளில், எந்த வேகத்தில் காட்டுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஈரத்தூளில் எடை தடுமாறும். கூடுதல் வேகத்தைப் பலனாகக் காட்டுவதென்றால், அந்தக் கூடுதல் சரக்கை விற்க அவர்களிடம் ஆர்டர் இருக்க வேண்டும்.