புல் கார்டு இருந்தால் தடுப்பு வேண்டாமா? கன்வேயர் பெல்ட் பற்றிய வாசகர் கேள்விகள்

பெல்ட் கன்வேயர் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன: ஒரு பெல்ட்டில் இருந்து அடுத்த பெல்ட்டுக்குச் சரக்கு விழும் டிரான்ஸ்ஃபர் பாயின்ட். சரக்கு சிந்துவதும், அதை அள்ள ஆள் நெருங்குவதும், பெல்ட்டின் பின்முனையில் அது திரும்பும் உருளையான டெயில் புல்லி கைக்கெட்டும் உயரத்தில் சுற்றுவதும் அங்கேதான். அதனால் இந்த முறை அந்த இடத்தோடு நிற்கும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் கன்வேயரின் இரண்டு பக்கமும் அவசர நிறுத்தக் கயிறான புல் கார்டு இருக்கிறது. எங்கிருந்து இழுத்தாலும் பெல்ட் நிற்கிறது. அப்படியிருக்க, டெயில் புல்லியைச் சுற்றி வலைத் தடுப்பு எதற்கு? சிந்தியதை அள்ள அது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருக்கிறார்கள்.

பதில்: முதல் வேலையாக அந்தத் தடுப்பைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்டும் வரை பெல்ட் ஓடக்கூடாது. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பெல்ட் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர கன்வேயருக்கு இது சாதாரண வேகம். கீழ்ப்பக்கமாகத் திரும்பி வரும் பெல்ட் டெயில் புல்லிக்குள் நுழையும் கோடுதான் நிப் பாயின்ட். அதாவது, பெல்ட்டும் உருளையும் சேர்ந்து எதையும் உள்ளே கவ்வி இழுக்கும் இடம். விரல் நுனி அங்கே பட்டால், தோள் வரை சுமார் 70 சென்டிமீட்டர் உள்ளே போக 0.35 நொடி போதும். எதிர்பாராத ஒன்று நடந்தது என்று உணர்ந்து உடம்பு அசையவே அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் பெல்ட் ஒரு மீட்டர் ஓடிவிட்டது. யாரோ ஒருவர் உடனே புல் கார்டை இழுத்துவிட்டார் என்றே வையுங்கள். மோட்டார் ஆஃப் ஆனாலும் பெல்ட்டும் அதன் மேல் உள்ள சரக்கும் சேர்ந்து உருண்டு நிற்க 3 நொடி ஆகிறது என்றால், வேகம் சீராகக் குறைந்தாலும் இன்னும் 3 மீட்டர் ஓடும். கைக்கு இருந்த இடமோ முக்கால் மீட்டர் கூட இல்லை.

மாட்டிக்கொண்ட உடம்பு பெல்ட்டின் வேகத்தைக் குறைக்காதா என்றும் சிலர் கேட்பது உண்டு. 15 கிலோவாட் சக்தி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பெல்ட்டுக்குப் போனால் இழுவிசை 7,500 நியூட்டன். ஏறத்தாழ 750 கிலோ எடை தொங்கவிட்டு இழுப்பது போன்றது. ஒரு கை அதற்குத் தடையே இல்லை. மோட்டார் ஓவர்லோடு ஆகி ட்ரிப் ஆகும் என்று நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் புல் கார்டு எதற்கு? ஓடும் பெல்ட் மேல் ஒருவர் விழுந்து, சரக்கு கீழே இறங்கும் சரிவுப் பாதையான சூட்டை நோக்கிப் போகும்போது, 10 மீட்டர் தூரம் இருந்தால், அவரோ பக்கத்தில் நிற்பவரோ இழுத்து நிறுத்த நேரம் இருக்கிறது. பெல்ட் கிழிவது, ரோலரில் தீப்பிடிப்பது போன்றவற்றுக்கும் அது உதவும். நிப் பாயின்ட்டில் மட்டும் அது நடந்து முடிந்த பிறகே வேலை செய்கிறது. கை உள்ளே போகாமல் காப்பது தடுப்பு மட்டுமே.

அள்ளுவது இடைஞ்சல் என்ற குறையை நான் ஒதுக்கவில்லை, அது நியாயமான குறை. ஆனால் அதன் மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. சூட்டில் இருந்து விழும் சரக்கு பெல்ட்டின் நடுவில் விழாமல் ஓரமாக விழுகிறதா, ஓரத்தில் சரக்கு சிந்தாமல் தடுக்கும் ஸ்கர்ட் ரப்பர் தேய்ந்து இடைவெளி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும் பெல்ட்டின் உள்பக்கம் விழுந்த கல் நேராக டெயில் புல்லிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், பெல்ட் ஒரு பக்கமாக ஓடத் தொடங்கும், அதைச் சுரண்ட யாராவது கம்பியோடு உள்ளே கை விடுவார். பெரும்பாலும் விபத்து இந்த வரிசையில்தான் வருகிறது. டெயில் புல்லிக்கு முன்னால் கலப்பை போன்ற 'வி' வடிவ பிளவ் ஒன்று பொருத்தினால், கல் இருபுறமும் வெளியே தள்ளப்பட்டுவிடும். தடுப்பின் உள்ளே சரிவான தகடு வைத்தால் சிந்தியது தானாக வெளியே உருண்டு வரும், தடுப்பைத் தொடாமலே அள்ளலாம். கிரீஸ் நிப்பிளையும் சிறு குழாய் மூலம் தடுப்புக்கு வெளியே நீட்டிவிடுங்கள். உள்ளே கை விட வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாக நீங்கினால், தடுப்பைக் கழற்றும் பழக்கமும் போகும்.

கேள்வி: 50 மில்லிமீட்டர் கட்டம் உள்ள வெல்டு மெஷ்ஷை, புல்லியில் இருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. மெஷ்ஷின் துளையும் நிப் பாயின்ட்டில் இருந்து அதன் தூரமும் ஒன்றோடு ஒன்று கட்டுப்பட்டவை. ஐஎஸ்ஓ 13857 தரநிலையின்படி, சதுரத் துளை 40 மில்லிமீட்டருக்கு மேல் 120 வரை போனால் முழுக் கையும் நுழைந்துவிடும் என்று கொண்டு 850 மில்லிமீட்டர் தூரம் கேட்கிறார்கள். உங்களிடம் இருப்பது 150. துளையை 30-க்கும் 40-க்கும் இடையில் வைத்தால் 200 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். 20 மில்லிமீட்டர் துளை என்றால் 120 மில்லிமீட்டர் போதும். உங்கள் இடத்தில் தடுப்பைப் பின்னே நகர்த்த வழி இல்லையென்றால் 20 மில்லிமீட்டர் மெஷ்ஷுக்கு மாறுவதே எளிது. உள்ளே புல்லி சுற்றுவதும் தெளிவாகத் தெரியும்.

ஒன்று கவனியுங்கள். தூரத்தை அளக்க வேண்டியது புல்லியின் வெளிவட்டத்தில் இருந்து அல்ல, கை சிக்கும் கோட்டில் இருந்துதான். மெஷ் சரியாக இருந்தாலும் அடியில் பெரிய இடைவெளி விட்டால், அள்ளும் மண்வெட்டி அங்கிருந்துதான் உள்ளே போகும். மண்வெட்டியைப் பெல்ட் பிடித்தால் கைப்பிடியை விடுவதற்குள் கையும் போய்விடும்.

கேள்வி: நூற்றுக்கணக்கான ரோலர்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தடுப்பு வைக்க முடியுமா?

பதில்: எல்லாவற்றுக்கும் தேவைப்படாது. ரோலர் மேல் பெல்ட் சும்மா கிடக்கிறதா, அல்லது மேலிருந்து அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சும்மா கிடந்தால், விரல் நுழைந்தாலும் பெல்ட் மேலே எழும்பி வழிவிடும் வாய்ப்பு உண்டு (அதை நம்பிக் கை வைக்கச் சொல்லவில்லை). எழும்ப முடியாத இடங்களில் ரோலரும் புல்லியைப் போலவே கவ்வும். லோடிங் பாயின்ட்டில் ஸ்கர்ட்டுக்கு அடியில் உள்ள ரோலர்கள், ஹாப்பருக்குக் கீழே உள்ளவை, பெல்ட் மேடாக வளையும் இடத்தில் உள்ளவை, புல்லிக்குப் பக்கத்தில் பெல்ட்டை அழுத்தும் ஸ்னப் புல்லி ஆகியவை அந்த வகை. முதலில் அவற்றுக்குத் தடுப்பு வையுங்கள். ஆள் நடக்கும் பாதைக்கு மேலே கன்வேயர் போனால் உயரத்தையும் பாருங்கள். ஐஎஸ்ஓ 13857 ஆபத்து அதிகமான பகுதிக்குத் தரையில் இருந்து 2.7 மீட்டர் உயரம் கேட்கிறது. அதைவிடத் தாழ்வாக இருந்தால் அங்கும் தடுப்பு வேண்டும்.

கேள்வி: கையுறை போட்டு வேலை செய்தால் பாதுகாப்புதானே?

பதில்: ஓடும் பெல்ட் பக்கத்தில் அது எதிர்மாறு. கையுறையின் ஓரம், தொங்கும் சட்டைக் கை, துண்டு, ஐடி கார்டு கயிறு, அவிழ்ந்த முடி எல்லாம் உடம்பு தொடாத தூரத்திலேயே பெல்ட்டுக்குப் பிடி கொடுக்கும். சுற்றும் வெறும் தண்டுகூடத் துணியைச் சுற்றிக்கொள்ளும், அதற்கு நிப் பாயின்ட் தேவையில்லை.

கேள்வி: புல் கார்டை எப்படிச் சோதிப்பது? மாதம் ஒருமுறை ஸ்விட்ச் பக்கத்தில் நின்று இழுத்துப் பார்க்கிறோம்.

பதில்: ஸ்விட்ச் பக்கத்தில் இழுத்தால் எப்போதும் வேலை செய்யும். கோளாறு தூரத்தில்தான் இருக்கும். இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவில், கொக்கிகளில் தூசி இறுகி கயிறு சிக்கும் இடத்தில் நின்று, சாதாரணமாகக் கை நீட்டி இழுங்கள். ஐஇசி 60947-5-5 தரநிலையில், கயிற்றின் நடுவே பக்கவாட்டில் இழுக்கும்போது 200 நியூட்டனுக்குக் குறைவான விசையிலும் 400 மில்லிமீட்டருக்குக் குறைவான நகர்விலும் ஸ்விட்ச் விழ வேண்டும். இரண்டு கையாலும் தொங்கி இழுக்க வேண்டியிருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

பெல்ட் நின்ற பிறகுதான் முக்கியமான சோதனை. கயிற்றை விடுங்கள், பெல்ட் தானாக ஓடக்கூடாது. ரீசெட் செய்யாமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள், ஓடக்கூடாது. ஸ்விட்ச்சை அந்த இடத்துக்கே போய் ரீசெட் செய்யுங்கள், அப்போதும் ஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே ஓட வேண்டும். நிற்கும் தூரத்தையும் அளந்து எழுதி வையுங்கள்: பெல்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது உங்களைத் தாண்டும் நொடியில் இழுத்தால் போதும். சில மாதங்களில் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போனால் பிரேக்கைப் பாருங்கள்.

அப்புறம், கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஸ்விட்ச்சின் வகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சில வகைகளில் தளர்ந்தாலும் அறுந்தாலும் பெல்ட் நின்றுவிடும். வெறும் இழுப்புக்கு மட்டும் விழும் பழைய வகையில், கயிறு அறுந்த பகுதி செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது. தளர்ச்சியை உணரும் வகையில் வெயிலும் ஒரு காரணி: 50 மீட்டர் எஃகுக் கயிறு 20 டிகிரி சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அதனால் அடிக்கடி காரணமில்லாமல் ட்ரிப் ஆகும், கோபத்தில் யாராவது கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய முடிச்சைப் பார்த்தால், ஆளைத் திட்டுவதோடு நிறுத்தாமல் ஸ்ப்ரிங்கையும் இறுக்கத்தையும் சரி செய்யுங்கள்.

கேள்வி: சூட் அடைத்துக்கொண்டால் புல் கார்டை இழுத்துவிட்டு உள்ளே இறங்கிச் சுத்தம் செய்கிறோம். இது சரியா?

பதில்: இல்லை. புல் கார்டு கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டுமே திறக்கிறது, மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைப் பிரிப்பதில்லை. வேறொருவர் ரீசெட் செய்யலாம், கன்ட்ரோல் அறையில் இருந்து ஸ்டார்ட் வரலாம். பவரை ஐசொலேட்டரில் பிரித்து, உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

மின்சாரம் போனாலும் பெல்ட்டில் விசை மிச்சம் இருக்கும். அடைத்த சரக்கை இழுத்துக்கொண்டே நின்ற பெல்ட் முறுக்கேறிக் கிடக்கும், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டேக்-அப் எடையும் தொங்கிக்கொண்டிருக்கும். சாய்வான கன்வேயர் என்றால் சரக்கின் எடை பெல்ட்டைப் பின்னோக்கி இழுக்கும். அடைப்பு விடுபடும் நொடியில் பெல்ட் குதித்து நகர்ந்தால், பூட்டுப் போட்ட கன்வேயரிலும் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் இடையே கை சிக்கும். அதனால் டேக்-அப் எடையைத் தாங்கிப் பிடித்து அல்லது இழுவிசையைத் தளர்த்தி, பெல்ட்டை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே தடுப்பைத் திறக்க வேண்டும். மேலே இருந்து சரக்கு கொட்டும் கன்வேயரையும் அதே போலப் பூட்டுங்கள். கீழே ஆள் இருக்கும்போது மேல் பெல்ட் ஓடத் தொடங்கினால், இங்கே போட்ட பூட்டு எதற்கும் உதவாது.