எல்லாம் கோவைக்கே வேண்டாம்: மெயின் குடோனில் எது, டிப்போவில் எது?

கேள்வி: பம்ப்செட், மோட்டார், ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறோம். சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று நான்கு டிப்போ. சுமார் 1,800 ஐட்டம். கம்பெனிகளில் இருந்து நேராக ஒவ்வொரு டிப்போவுக்கும் சரக்கு வருகிறது, ஆர்டர் போட்டால் நான்கு வாரம் ஆகும். மதுரையில் இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பிய அதே மோட்டார் சேலத்தில் ஒரு வருடமாகத் தூசி படிந்து கிடக்கிறது. கோவையில் ஒரு பெரிய குடோன் எடுத்து எல்லாவற்றையும் அங்கே வைத்தால் ஸ்டாக் பாதியாகிவிடும் என்று ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். செய்யலாமா சார்?

பதில்: அந்த "பாதி" எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வர்க்கமூல விதி என்று ஒன்று இருக்கிறது, டேவிட் மைஸ்டர் என்பவர் 1976-இல் எழுதியது. ஒரே அளவுள்ள நான்கு குடோனை ஒன்றாக்கினால் நான்கின் வர்க்கமூலம் இரண்டு, அதனால் சரக்கு பாதி. கணக்கு சரிதான். ஆனால் அது நம்பி நிற்கும் விஷயம் ஒன்று உண்டு: நான்கு ஊரிலும் விற்பனை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் மதுரையில் எதிர்பாராமல் அதிகம் போன வாரத்தில் சேலத்தில் குறைவாகப் போய், ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் பற்றாக்குறையை அடைக்கும்.

அப்புறம், எதற்காக வைத்திருக்கும் சரக்கு பாதியாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எதிர்பாராத விற்பனைக்காக வைக்கும் சேஃப்டி ஸ்டாக் நிச்சயம் குறையும். லோடு முழுசாக வர வேண்டும், ஸ்கீம் கிடைக்க வேண்டும் என்று 500 பீஸ் வாங்கி விற்றுத் தீர்க்கிறீர்களே, அந்தச் சரக்கு குடோனை ஒன்றாக்கியதால் மட்டும் பாதியாகிவிடாது. உங்கள் 1,800 ஐட்டத்தில் பெரும்பாலான பணம் இந்த இரண்டில் எதில் மாட்டியிருக்கிறது என்று கன்சல்டன்டிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு பொருளை எடுத்துக் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கெபாசிட்டர், விலை 150 ரூபாய். ஒவ்வொரு டிப்போவிலும் வாரம் சராசரி 100 போகிறது, ஏற்ற இறக்கம் (எக்செல் காட்டும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 20. சரக்கு வர 4 வாரம். அந்த நான்கு வாரத்தில் 95 சதவீதம் தட்டுப்பாடு வராமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குரிய எண்ணான 1.65-ஐ 20-ஆல் பெருக்கி, 4-இன் வர்க்கமூலத்தாலும் பெருக்குங்கள். ஒரு டிப்போவுக்கு 66, நான்குக்கும் சேர்த்து 264 பீஸ். கோவையில் ஒன்றாக வைத்தால் 132 போதும். மிச்சம் 132 பீஸ், அதாவது 19,800 ரூபாய். வட்டி, வாடகை, சேதாரம் எல்லாம் சேர்த்து வருடம் 20 சதவீதம் என்று வைத்தால் சுமார் 4,000 ரூபாய் லாபம். இப்போது மறுபக்கம்: வருடத்துக்கு 20,800 கெபாசிட்டர் விற்கிறீர்கள். கோவையிலிருந்து சின்னச் சின்ன பார்சலாகப் போட ஒரு பீஸுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடினாலும் 20,800 ரூபாய் போய்விடுகிறது. கெபாசிட்டர் வாங்க வரும் மெக்கானிக் நாளைக்கு வரை காத்திருக்கவும் மாட்டார், எதிர்க் கடைக்குப் போய்விடுவார். ஆக இது டிப்போவில்தான் இருக்க வேண்டும், யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து 15 ஹெச்பி சப்மெர்சிபிள் செட், விலை 60,000 என்று வைப்போம். ஒரு டிப்போவில் நான்கு வாரத்துக்கு ஒன்று போகிறது. இவ்வளவு மெதுவாகப் போகும் பொருளுக்கு மேலே சொன்ன சூத்திரம் சரிப்படாது, பாய்சான் கணக்கு வேண்டும். சராசரி ஒன்று என்றால், சரக்கு வரும் நான்கு வாரத்தில் மூன்றுக்கு மேல் கேட்காமல் இருக்க 98 சதவீதம் வாய்ப்பு. ஆகவே டிப்போவுக்கு 3, மொத்தம் 12 செட். கோவையில் ஒன்றாக வைத்தால் சராசரி 4, அதே 98 சதவீதத்துக்கு 8 செட் போதும். மிச்சமாகும் நான்கு செட்டின் மதிப்பு 2,40,000 ரூபாய், வருடச் செலவில் 48,000 மிச்சம். கூடுதல் லாரி வாடகை ஒரு செட்டுக்கு 400 என்றாலும் வருடத்தில் போகும் 52 செட்டுக்கு 20,800. இங்கே கோவை ஜெயிக்கிறது.

காத்திருப்பும் இங்கே உங்களுக்குச் சாதகம். போர்வெல்லில் மோட்டார் எரிந்துவிட்டால் பைப்பை எல்லாம் ஏற்றி, கழற்றி, பழைய மோட்டாரை வெளியே எடுப்பதற்கே ஆளும் வண்டியும் வந்து அரை நாளோ ஒரு நாளோ ஆகும். சாயந்திரம் கோவையில் லாரி பார்சல் சர்வீஸில் போட்டால் காலையில் மதுரையில் இருக்கும். விவசாயிக்கு ஒரு இரவுதான் தாமதம், அதையும் எடுக்கும் வேலை தின்றுவிடுகிறது. ஆனால் உங்கள் டிப்போ ஆள் "வரும், பார்க்கலாம்" என்று இழுக்காமல் "நாளைக்குக் காலை பத்து மணிக்கு இங்கே இருக்கும்" என்று சொல்ல முடிய வேண்டும். அது முடியாவிட்டால் இந்தக் கணக்கு எல்லாம் வீண்.

ஒரு டிப்போவில் ஒன்றரை வருடத்துக்கு ஒன்று போகிற ஐட்டங்களும் இருக்கும், பழைய மாடல் ரோட்டார் மாதிரி. நான்கு டிப்போவிலும் "இருக்கட்டுமே" என்று ஒவ்வொன்று வைத்திருப்பீர்கள். கோவையில் ஒன்றே ஒன்று போதும், அதற்கே 98 சதவீதம் வருகிறது. தூசி படிந்த சரக்கில் கணிசமான பங்கு இந்த வகையாகத்தான் இருக்கும்.

சரி, இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஐட்டங்களை என்ன செய்வது? அங்கேதான் நான்கு ஊரும் சேர்ந்து ஏறுகிறதா தனித்தனியாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எக்செல்லில் ஒரு ஐட்டத்துக்கு 52 வார விற்பனையை டிப்போவுக்கு ஒரு வரிசையாக B முதல் E வரை போடுங்கள், F-இல் மொத்தம். பிறகு இது:

```
=STDEV.S(F2:F53)/(STDEV.S(B2:B53)+STDEV.S(C2:C53)+STDEV.S(D2:D53)+STDEV.S(E2:E53))
```

விடை 0.5 பக்கம் வந்தால் வர்க்கமூல விதி உங்களுக்குப் பலிக்கிறது. 0.9-க்கு மேல் என்றால் நான்கு ஊரும் ஒன்றாகவே ஆடுகின்றன, ஒன்றாக்கிப் பெரிய லாபம் இல்லை. கெபாசிட்டர் கணக்கிலேயே ஊர்களுக்கு இடையே 0.8 அளவுக்கு ஒட்டுறவு இருந்தால், ஒன்றாக்கியபின் ஏற்ற இறக்கம் 80-இலிருந்து 40-க்கு இறங்காமல் 74-இல் நின்றுவிடும். வாரத்துக்கு ஒன்றுகூடப் போகாத ஐட்டங்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை, பெரும்பாலான வாரங்களில் விற்பனை வெறும் பூஜ்யமாகத்தான் இருக்கும். சேலத்தில் ஒரு மோட்டார் எரிவதற்கும் திருநெல்வேலியில் எரிவதற்கும் சாதாரண நாளில் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சூத்திரத்தைப் பலர் தப்பாகப் போடுவது ஒரு இடத்தில். விற்பனையை அப்படியே போட்டால் கோடையில் நான்கு ஊரும் ஏறுவதால் விடை 0.9 என்று பயமுறுத்தும். ஏப்ரலில் பம்ப் விற்பனை ஏறும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்த ஏற்றத்துக்கு முன்கூட்டி வாங்கி வைக்கலாம், அது ரிஸ்க்கே அல்ல. ஆகவே போட வேண்டியது விற்பனையை அல்ல, விற்றதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்தது என்றால் முந்தைய இரண்டு வருடங்களில் அதே மாதத்தின் வாரச் சராசரியே போதும். அப்படிப் போட்டால் 0.9 என்று வந்த பல ஐட்டங்கள் 0.6 பக்கம் இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இறங்காத வருடமும் உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த மாதிரி வருடத்தில் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் ஆழமான போருக்கு மோட்டார் கேட்கும், கோவையில் வைத்தாலும் காப்பாற்றாது. டிசம்பரில் மழை நிலவரத்தைப் பார்த்துக் கூடுதலாக ஆர்டர் போடுவதுதான் அதற்கு வழி.

தரவில் இன்னும் இரண்டு ஓட்டை. டிப்போவில் சரக்கு இல்லாத வாரம் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும், கேட்டவர் பூஜ்யம் அல்ல. கவுன்டரில் ஒரு நோட்டு வைத்து "கேட்டார், இல்லை" என்று மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். அதே போல ஒரு கான்ட்ராக்டர் ஒரே தடவையில் 30 செட் எடுத்திருந்தால் அந்த வாரத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அவர் எப்படியும் முன்கூட்டிச் சொல்லித்தான் வாங்குவார், அவருக்காக சேஃப்டி ஸ்டாக் வைக்க வேண்டியதில்லை.

கோவைக்குக் கொண்டுவராமலே பலனில் ஒரு பங்கை எடுக்கவும் வழி இருக்கிறது. சரக்கு அவரவர் டிப்போவிலேயே இருக்கட்டும், நான்கு டிப்போவின் ஸ்டாக்கும் எல்லோர் திரையிலும் தெரியட்டும், மதுரைக்கு வேண்டியதைத் திருச்சி அனுப்பட்டும். எல்லாம் தமிழ்நாட்டுக்குள் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இருந்தால் டிப்போ விட்டு டிப்போ மாற்ற வரி கிடையாது, டெலிவரி சலானும் தேவையான இடத்தில் இ-வே பில்லும் போதும். நடு ரக ஐட்டங்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் இது சாஃப்ட்வேரால் நடப்பதில்லை. நான் ஆலோசனை சொன்ன ஒரு நிறுவனத்தில் இதைத் தொடங்கிய இரண்டாவது மாதமே, நன்றாகப் போகும் ஐட்டங்களை எல்லாம் டிப்போ மேனேஜர்கள் "பார்ட்டிக்கு ரிசர்வ்" என்று போட்டுவிட்டார்கள், பார்த்தால் எங்குமே ஸ்டாக் இல்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. கொடுத்தவருக்கு டார்கெட்டில் ஒன்றும் சேரவில்லை, தன் ஊரில் தட்டுப்பாடு வந்தால் மட்டும் திட்டு. விற்பனையில் பாதி கொடுத்த டிப்போ கணக்கில் ஏறும், ரிசர்வ் மூன்று நாளில் தானாக விழுந்துவிடும் என்று மாற்றியபின்தான் ஓடத் தொடங்கியது.

பெரிய குடோனுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். விலை 20,000-க்கு மேல், ஒரு டிப்போவில் மாதம் இரண்டுக்குக் குறைவாகப் போவது என்று ஒரு வடிகட்டி போடுங்கள். 1,800-இல் அநேகமாகச் சில நூறுதான் வரும், அதற்குச் சின்ன இடமே போதும். அந்த ஐட்டங்களையும் லாரி பிடித்து ஒரே வாரத்தில் கோவைக்கு ஏற்ற வேண்டாம். டிப்போ ஆர்டரை நிறுத்திவிட்டு இருப்பதை அங்கேயே விற்கவிடுங்கள், புது ஆர்டர் மட்டும் கோவைக்கு வரட்டும். இருக்கிற ஸ்டாக் அந்த டிப்போவின் ஆறு மாத விற்பனையைத் தாண்டுகிறது என்றால் அந்த உபரியை மட்டும் ஏற்றுங்கள், சேலத்து மோட்டாரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.